நான்கு போல்ட்டுகள்

நடந்தது இது:

1. மூன்று ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் காலத்தில், கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிப்ஸ் கம்பெனிக்கு ஆடிட்டுக்குப் போனேன்.
2. அரசு மானியத்துக்கு விண்ணப்பித்த ரசீதைக் கேட்டேன்.
3. கணக்கு மேலாளர் எல்லோர் முன்னாலும், "நீ கணக்கு பாக்க வந்தியா, இல்ல கல்யாண ஆல்பம் பாக்க வந்தியா?" என்றார். சிரித்தார்கள்.
4. எனக்கு மரியாதை தெரியாது என்று எங்கள் ஆபீசுக்குப் புகார் எழுதினார்.
5. எட்டு மாதம் நான் ஆபீசில் பழைய ஃபைல்களுக்கு நூல் கட்டினேன்.

இந்த ஆண்டு அதே கம்பெனிக்கு ஆடிட் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் போனேன். பழைய சண்டையை எங்கள் ஆபீஸின் ஆடிட்டர் சாரிடம் முன்பே சொல்லிவிட்டேன். "கோபம் இருந்தா ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாரு. முடிவு நான் எடுப்பேன்," என்றார் அவர். கோபம் இருந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

நாங்கள் பார்த்த கணக்காண்டில் கம்பெனி லாபத்தில் நின்றது ஒரே ஒரு வரியால்: புதிய பேக்கிங் மெஷினுக்கான மூலதன மானியம். பணம் இன்னும் வரவில்லை. ஆனாலும் முழுத் தொகையையும் அந்த ஆண்டின் வருமானமாக எழுதியிருந்தார்கள். அதை எடுத்தால் நஷ்டம். லாபம் காட்டித் தருவதாக முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தவர் அதே மேலாளர்.

முதலில் ரசீதைத்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினார்.

"இந்தா மேடம். காலத்துக்குள்ள அப்ளை பண்ணியாச்சு. நம்பர் உண்டு, சீல் உண்டு. ஆல்பம் போதுமா?"

தேதி, எண், இன்வாய்ஸ், எல்லாம் சரி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறைப்பானேன்?

பிறகு மானிய அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். நான்காவது: மெஷின் ஐந்து ஆண்டுகள் இதே யூனிட்டில் இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் நகர்த்தினால் மானியம் கிடையாது.

மெஷினைப் பார்க்கப் போனேன். வறுத்த நேந்திரங்காயின் எண்ணெய்ப் புகைக்கு நடுவில், கான்கிரீட் மேடையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் கையால் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் மெஷின் எங்கே என்று கேட்டேன்.

"அது அங்கோட்டுள்ள செட்டுக்குப் போச்சு மக்கா. ஓணத்துக்குக் கொண்டு போனாவ, திரும்பி வரல்ல. இப்ப எல்லாம் கையாலயாக்கும்."

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், முதலாளிக்கு இன்னொரு தொழிற்கூடம், அவர்கள் பேச்சில் செட், இருந்தது. நடந்தால் அரை மணி நேரம். இங்குள்ளவர்களுக்கு எல்லை என்பது பஸ்ஸில் டிக்கெட் மாறும் இடம். இரண்டு செட்டையும் அவர்கள் ஒன்றாகவே நினைத்தார்கள். மானியம் தரும் அரசு அப்படி நினைக்காது.

அக்காவின் பேச்சை நான் எங்கும் எழுதவில்லை. அவர் வேலை போய்விடும். பதிலாக, மெஷின் சர்வீஸ் செய்தவர்களின் தாள்களைக் கேட்டு வாங்கினேன். அக்டோபரில் ஒன்று, மார்ச் கடைசியில் ஒன்று. இரண்டிலும் இன்வாய்ஸில் இருந்த அதே சீரியல் நம்பர். முகவரி எல்லைக்கு அந்தப் பக்கம். பிறகு அங்கே போய் நம்பர் தகட்டைப் படம் எடுத்தேன்.

தாள்களை மேலாளர் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மோளே, ரெண்டும் நம்ம செட் தானே? நாளைக்கே டெம்போல தூக்கிட்டு வாறேன். நீ ஒரு வாரம் கழிச்சு வந்து பாரு."

"கணக்கு முடிஞ்ச மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி அது எங்க இருந்துது சார்?"

அவர் கவிழ்த்து வைத்த மார்ச் மாதத் தாளை நான் திருப்பி வைத்தேன்.

"நிபந்தனை மீறியாச்சு. மானியம் வரும்னு நம்ப இப்ப ஆதாரம் இல்ல. வந்தாலும் மெஷினோட ஆயுசுக்குப் பிரிச்சுத்தான் வருமானம் காட்டணும், ஒரே வருஷத்துல இல்ல."

"பழச மனசுல வச்சாக்கும் நீ பேசுதே."

"ஆமா. அதனாலதான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்தேன். ஒரு தப்பு காட்டுங்க, அந்தக் குறிப்பை எடுத்துடறேன்."

தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றாக, நிதானமாக. நான் நாற்காலியைத் தள்ளாமல், தொண்டையைக் கூடச் செருமாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எட்டு மாதம் நூல் கட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

சார் குறிப்பைப் படித்தார். திருத்தாவிட்டால் இந்தக் கணக்கை ஏற்கவில்லை என்ற எங்கள் கருத்து அறிக்கையில் வரும் என்று முதலாளியிடமே சொன்னார். முதலாளி மேலாளரைக் கூப்பிட்டு, எங்கள் முன்னாலேயே, "எலே, நீ கணக்கு பாத்தியா, ஆல்பம் பாத்தியா?" என்றார். அந்தப் பேச்சு முதலில் முதலாளியுடையதுதான் போலிருக்கிறது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், உள்ளுக்குள்.

இப்போதைய நிலை: மானிய வருமானம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. கம்பெனி அந்த ஆண்டு நஷ்டம் காட்டியது. மெஷினை நகர்த்தியதைத் தொழில் துறை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள், பதில் வரவில்லை. அக்கா வேலையில் இருக்கிறார். மேலாளரும் இருக்கிறார். நான் அவரை மன்னிக்கவில்லை.