கடை தப்பியது, கதைகள் போயின

எங்கள் மாடியில் குடியிருக்கும் மெழுகுவத்திக்காரி கத்தினால் மெழுகு தானாக உருகிவிடும். அன்று அவளுக்குக் குரலே எழும்பவில்லை. சர்வரில் இடமில்லையென்று கணவர் அவளுடைய இணையதளத்தையே முழுசாக அழித்துவிட்டார்.

“ஆன்லைன் கடையும் போச்சா?” என்று முணுமுணுத்தாள்.

தளம் அமைத்துத் தந்த அவள் தங்கை கைபேசியில் பார்த்தாள். “கடை இருக்குக்கா. அது தனி சப்டொமைன். பேருதான் உன் தளத்தோடது, ஓடுறது வேற சர்வர்ல.”

கணவர் நிமிர்ந்தார். “பாத்தியா, ஒண்ணும் ஆகலை!”

“அத்தான், சும்மா இருங்க. அவ ப்ளாக் தளத்துக்குள்ளேயே ஒரு ஃபோல்டராத்தானே இருந்துச்சு? அதுவும் சேர்ந்து போயிடுச்சு. காப்பி எடுத்தீங்களா?”

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒவ்வொரு மெழுகுவத்திக்கும் அவள் ஒரு கதை எழுதி அந்த ப்ளாக்கில் போட்டிருந்தாள். கடையில் ஆர்டர் வந்து கைபேசி மணியடித்தது. அவள் எடுக்கவில்லை.