பாஸ்போட்காரரின் பிடித்தம்

கண்டி நகரத்தில், ஒரு தேயிலைக் கம்பனியின் கந்தோரில் ஒப்பந்தக்காரர்களின் பில்களைப் பதிந்து, காசோலை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. மீதியை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களின் வாயைப் பார்த்தே படித்தேன். யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் ஒருமுறை ஒரு மனிதரை மாட்டிவைத்தது.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வேலை எடுத்துச் செய்த இரண்டு பேருக்கு ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. ஒருவர் லொறி வைத்திருந்தார். மற்றவர் மழைக்குச் சரிகிற பாதைகளுக்குக் கல்கட்டுப் போடுகிறவர். காசோலை மாறிப்போகாமலிருக்க, பதிவேட்டில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் "லொறிக்காரர்" என்றும் மற்றவருக்குப் பக்கத்தில் "பாஸ்போட்காரர்" என்றும் எழுதி வைத்தேன். தோட்டத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தோட்டத்துத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி அரசாங்கம் பெயர் பதிந்த காலத்தில் இந்தியப் பாஸ்போட் எடுத்தவர். அவருடைய முறை வருவதற்குள் வடக்கில் சண்டை தொடங்கிக் கப்பலும் நின்றுவிட்டது. பாஸ்போட் டிரங்குப் பெட்டிக்குள் போனது, அவர் கல்லுடைக்கப் போனார். எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ பேர். எங்களுக்கு அந்தச் சொல் ஒருவரை நெட்டையர் என்றோ குட்டையர் என்றோ சொல்வதைப் போலத்தான்.

அந்த நேரத்தில்தான் ஒப்பந்தக்காரர்களுக்குக் காசு கொடுக்கும்போதே வரியைப் பிடித்து, இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும் என்ற சட்டத்தை எங்கள் கந்தோரில் இறுக்கமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. காசு வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த நாட்டில் வதிகிறவரென்றால் மாதத்துக்கு ஓர் எல்லை, வருஷத்துக்கு ஓர் எல்லை. அதைத் தாண்டினால்தான் நூற்றுக்கு ஐந்து. நாட்டில் வதியாதவரென்றால் அந்த எல்லை எதுவும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடிக்கவேண்டும், விகிதமும் பல மடங்கு. பிடிக்கத் தவறினால், பிடிக்காமல் விட்ட கம்பனி அதைத் தன் கையால் கட்டவேண்டும்.

இதற்கென்றே புதிதாக ஒரு கணக்காளர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், வடக்கிலிருந்து வந்த தமிழர் கையோடு வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் சட்டைப்பையில். நகரத்தில் குண்டு வெடித்த பிறகு அது இல்லாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போனதில்லை. என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தச் சொல்லில் விரலை வைத்து என்னவென்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, அவர் இந்தியப் பாஸ்போட்காரர் ஐயா, இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப இவர் வெளிநாட்டு ஆள். இவருக்கு இவ்வளவு காலமும் ஒரு சதமும் பிடிக்கேல்லையோ, பிள்ளை?"

பிடிக்கவில்லைதான். அவருடைய பில்கள் எப்போதும் எல்லைக்குக் கீழேதான் வரும். அந்த மாதம்தான் ஒரு பெரிய சரிவுக்கு நீளமான கல்கட்டுப் போட்டதில், முதல்முறையாக எல்லையைத் தாண்டி ஒரு பில் வந்திருந்தது. கணக்காளர் ஒரு தாளில் கூட்டிக் கழித்தார். இந்தப் பில்லுக்கு வெளிநாட்டார் விகிதம், அதோடு முந்திய பில்களில் பிடிக்காமல் விட்டதும் சேர்த்து. பில்லில் பாதிக்கு மேல் போயிற்று. வெள்ளிக்கிழமை காசோலை. அந்தக் காசில்தான் அவர் தன் கீழ் வேலைசெய்த பதினாறு பேருக்குக் கூலி கொடுக்கவேண்டும். தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பாஸ்போட்காரப் பெரியவரே வந்தார். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு, செருப்பைக் கந்தோர் வாசலில் கழற்றி விட்டுவிட்டு. எத்தனை தடவை சொன்னாலும் கழற்றுவார். கணக்காளர் மரியாதையாகக் கதிரை கொடுத்து, எவ்வளவு பிடிக்கப்படும் என்று சொன்னார். அவர் உட்காரவில்லை. எதற்கு என்று கேட்டார். நீங்கள் இந்த நாட்டில் வதிகிறவர் இல்லை என்று காட்டியிருக்கிறது என்றார் கணக்காளர். அப்படிக் காட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் முன்னால் பதிவேடு திறந்தபடி கிடந்தது. அதை மெதுவாக மூடினேன்.

"ஐயா, நான் இந்தக் கண்டியத் தாண்டி மாத்தளைக்கே ரெண்டு தடவதான் போயிருக்கேன்."

"அதுக்கு ஒரு அத்தாட்சி தாங்கோவன். திணைக்களத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஆருடைய காசில எவ்வளவு பிடிச்சனாங்கள் எண்டு பட்டியல் அனுப்புறம். நாளைக்கு வந்து கேட்டால் நான்தான் பதில் சொல்லவேணும்."

 பெரியவர் கணக்காளரிடம் சொல்லாமல், என்னிடம் திரும்பிச் சொன்னார்.

"மிஸ், என் பாஸ்போட்டுல இங்க இருக்கிறதுக்குக் குடுத்த விசா முடிஞ்சு எத்தனயோ வருசம். இங்கதான் இருந்தேன்னு காட்டினா பொலிஸ்காரன் புடிப்பான். இல்லன்னு காட்டினா நீங்க புடிக்கிறீங்க."

கந்தோரில் நாங்கள் நாள்முழுக்க "பிடி, பிடித்தம், பிடித்தாகிவிட்டதா" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் சொல்லுக்குள் கைவிலங்கும் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கணக்காளர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூலிக்காரர்களிடம் என்ன சொல்வது என்று பெரியவர் கேட்டார். பிறகு, போயிட்டு வாறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் கணக்காளரிடம் ஒப்புக்கொண்டேன். அந்தச் சொல்லை எழுதியது நான், பெயர் மாறாமலிருக்க எழுதியது, அதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் திட்டினால் திட்டுங்கள், திணைக்களத்தில் மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றேன். பெயர் சொல்லாமல் கேட்கிறேன் என்று அவர் கண்டிக் கிளைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கத்தில் ஓர் அதிகாரி அம்மா. ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார்கள். ரிசீவரை வைத்துவிட்டு அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எந்த நாட்டுப் பாஸ்போட் என்பது வரிக்குக் கேள்வியே இல்லையாம். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஆள் இந்த நாட்டில் இருந்தாரா என்பதுதான் கேள்வியாம். பிரஜை வேறு, வதிகிறவர் வேறு. அதையும் இதையும் ஒன்றாக்கியது தன் பிழை என்றார். அதை என் தலையில் போடவில்லை. அதை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

ஆனால் கணக்காளர் விட்டுவிடவும் இல்லை. பெரியவர் இங்கேதான் இருந்தார் என்பதற்குக் கோப்பில் ஏதாவது வேண்டும் என்றார். பாஸ்போட்டைப் பார்த்தால் வெளியே போன முத்திரை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், பிரதி எடுக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்.

புதன்கிழமை நான் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். பெரியவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். கொடுக்கும்போது கையை உடனே விடவில்லை. "இத வச்சுக்கிட்டு நான் ஒருநாளும் பஸ்ஸுல ஏறினதில்ல, மிஸ்" என்று மட்டும் சொன்னார். ஏறின பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. பையில், பில் கட்டுக்கு நடுவில், அது ஒரு சூடேறிய கல்லைப் போல இருந்தது.

நகரத்துக்குள் நுழைகிற இடத்தில், நாங்கள் சென்றி என்கிற இராணுவச் சோதனைச் சாவடியில், பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைத் தகரத் தடுப்புக்குள் ஒரு பெண் சிப்பாய் சோதித்தாள். பையைக் கவிழ்த்தாள். பில்கள், சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி, கடைசியில் அது. எடுத்துப் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மேக்க காகெத?"

இது யாருடையது என்று கேட்கிறாள்.  கம்பனிக்கு வேலை செய்கிறவருடையது, வரிப் பிடித்தத்துக்காகக் கந்தோருக்குக் கொண்டுபோகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, அவருடைய பில்லை எடுத்துக் காட்டினேன். இரண்டிலும் ஒரே பெயர். அவள் பாஸ்போட்டின் தாள்களைப் புரட்டத் தொடங்கினாள். விசா இருந்த பக்கம் வருவதற்கு எத்தனை தாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது தாளில் நிறுத்தி, எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்டாள். நூற்றுக்கு ஐந்து என்றேன். தன் அண்ணனும் குருநாகலில் கொந்தராத்து வேலைதான், அவனுக்கும் பிடிக்கிறார்கள், திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள், யார் தந்தார்கள் என்று அலுத்துக்கொண்டே பாஸ்போட்டை மூடிப் பைக்குள் போட்டாள்.

மறுபடி பஸ் ஏறி, நேரே கந்தோருக்குப் போய்ப் பாஸ்போட்டைக் கணக்காளரின் மேசையில் வைத்தேன்.

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். வெளியேறிய முத்திரை ஒன்றுகூட இல்லை. பிறகு அவரே எழுந்துபோய், அலுமாரியிலிருந்து அந்த வருஷத்துப் பில்களை எடுத்து வந்தார். மாதாமாதம் பெரியவர் எங்கள் கவுண்டரில் நின்று போட்ட கையெழுத்து. தோட்டத்தில் வேலையை அளந்த நாள் குறிப்புகள். ஆள் இங்கே இருந்தார் என்பதற்கு எங்கள் அலுமாரியே சாட்சி. இது போதும், பாஸ்போட்டைப் பற்றி ஒரு வரியும் கோப்பில் எழுதவேண்டியதில்லை, பட்டியலில் பெயரும் விலாசமும் தொகையும்தான் கேட்கிறார்கள் என்றார். பிறகு பாஸ்போட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"இதை நான் முதலே யோசிச்சிருக்கவேணும். உம்மை அந்தச் சென்றியால நடக்க விட்டிருக்கக்கூடாது, பிள்ளை."

வெள்ளிக்கிழமை காசோலை போனது. முந்திய பில்களுக்கு ஒன்றும் இல்லை, இந்தப் பில் எல்லையைத் தாண்டியதால் நூற்றுக்கு ஐந்து மட்டும். பிடித்ததற்கான சான்றிதழையும் பெரியவர் கையில் கொடுத்தேன். பாஸ்போட்டைத் தோட்டத்துத் தலைமைக் கணக்கப்பிள்ளையின் ஜீப்பில் ஏற்கனவே பெரியவர் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தோம். அவருடைய வருஷ வருமானம் வரி கட்டுகிற அளவுக்கு வராவிட்டால், இந்தத் தாளைத் திணைக்களத்தில் கொடுத்துக் கோப்புத் திறந்து, பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்று விளக்கினேன். அவர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"போய் நின்னா விலாசம் கேப்பாங்க, ஐடென்டி கேப்பாங்க. வேண்டாம் மிஸ். அது நான் இங்க இருந்ததுக்கு வாடகன்னு வச்சுக்குவோம்."

சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார். கூலி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு வங்கிக்கு நடந்தார்.

நான் பதிவேட்டைத் திறந்து "பாஸ்போட்காரர்" என்பதை பிளேடால் சுரண்டி, "கல்கட்டு" என்று எழுதினேன். தாள் மெலிந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் பழைய சொல் தெரிந்தது. அதனால் அந்தப் பக்கத்தை ஜன்னல் பக்கம் திருப்பாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன்.