நாற்பது மார்க்

மாட்டுங்காவில் மூன்று ஊழியர்களோடு இன்சூரன்ஸ் புரோக்கராக இருந்த பஞ்சு, டிராம்பே ரசாயன ஆலை ஒன்றுக்கு இருபத்திரண்டு வருஷமாக எல்லா இழப்பீட்டு கிளெய்மும் வாங்கிக் கொடுத்தவர். இப்போது புரோக்கர் வேலைக்கு டெண்டர் விடப் போவதாகச் சொன்ன ஆலை அதிகாரி ரஞ்சனா, அந்த டெண்டரை எழுதித் தரும்படி அவரிடமே கேட்டாள். வேலை விவரம் முழுவதையும் எழுதிய பஞ்சு, விண்ணப்பிப்பவர்களை எடைபோடும் மதிப்பெண்ணில் கிளெய்ம் சேவைக்கு நூற்றுக்கு நாற்பது மார்க் போட்டார். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர்.

வெளியான டெண்டரில் ஒரு வரி புதிதாக இருந்தது: ஐம்பது ஊழியர்கள் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

பஞ்சு போன் போட்டார். "நாங்க நாலே பேர்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் மாமா. அதனாலதான் அம்பதுன்னு போட்டோம். அப்புறம், பதினஞ்சாம் தேதி கடைசி நாள். டெண்டர் போட வரவாளுக்கு நம்ம பிளான்ட் தெரியாது. அதுக்குள்ள ஒரு நடை வந்து அவாளுக்குச் சுத்திக் காமிச்சுடுங்கோ."