எடை போட்டு எண்ணிய தாள்கள்

அறுநூறு கிலோ. கட்டுக்கயிறு, அட்டை, தூசி எல்லாம் கழித்த பிறகு வந்த கணக்கு அது. கயிற்றைத் தனியாக அவிழ்த்து எடை போட்டவன் நான். அந்தக் கவனத்தைத் தாளின் கனத்தில் காட்டியிருந்தால் இன்று வீட்டில் இருந்திருப்பேன்.

ராசிபுரத்துக்கு வெளியே விவசாயிகளுக்கான ஓர் அறக்கட்டளை இருக்கிறது. கிணறு, விதை, மாட்டு நோய் என்று எதைக் கேட்டு யார் கடிதம் எழுதினாலும் அங்கிருந்து பதில் போகும். பல பத்தாண்டுகளாக வந்த கடிதங்கள், போன பதில்களின் நகல்கள், அச்சிட்ட வெளியீடுகள் எல்லாம் ஆறு பீரோக்களில் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்ற நிதி கிடைத்தது. எத்தனை தாள், எத்தனை நாள், எவ்வளவு செலவு, எதை மெஷின் படிக்கும், எதை ஆள் தட்டச்சு செய்ய வேண்டும் என்று ஒரு மதிப்பீடு எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டுறவுத் தணிக்கையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் என்பதே என் தகுதி.

எல்லாத் தாளையும் எண்ண முடியாது. தலைவர் மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தீவனம் நிறுக்கும் தராசைப் பண்ணையிலிருந்து அனுப்பினார். கதவோரம் இருந்த நான்கு பீரோக்களில், பீரோவுக்கு மூன்று கட்டுகளைப் பிரித்து எண்ணினேன். கிலோவுக்கு இருநூறு தாள். உள்ளே இருந்த இரண்டு பீரோக்களை நிறுக்க மட்டும் செய்தேன். ஒவ்வொரு கட்டின் மேலும் கெட்டியான தாளில் தட்டச்சு செய்த முகப்பு இருந்தது. அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன்.

ஒரு லட்சத்து இருபதாயிரம் தாள் என்று எழுதினேன். அதில் முப்பதாயிரம் கையெழுத்துக் கடிதங்கள், ஆட்களுக்கு. ஐந்து பேர், ஆளுக்கு நாளைக்கு இருபத்தைந்து, இருநூற்று நாற்பது வேலை நாள். மீதித் தொண்ணூறாயிரம் மெஷினுக்கு. படமெடுத்து, அதிலுள்ள எழுத்தைக் கணினியே படித்துக் கொடுப்பதை அங்கே எல்லாரும் மெஷின் என்றுதான் சொன்னோம். அது படித்ததைச் சரிபார்க்க மூன்று பேர், ஆளுக்கு நாளைக்கு நூற்றிருபத்தைந்து. எல்லாம் ஒரே நாளில் முடியும்படி அழகாக வந்தது. அந்த மதிப்பீட்டை நம்பி, ஊரில் டிடிபி கடை நடத்தும் அம்மாள் ஒருவர் மொத்த வேலையையும் ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடையை மூடிவிட்டு வந்தார்.

இருபதாம் நாள் அவர் உள் பீரோவைத் திறந்தார். எனக்குப் போன் வந்தது.

"ஏனுங்க சார், உள்பக்கத்துப் பீரோவுல எந்தக் கட்ட எண்ணுனீங்க?"

"எண்ணலைம்மா. எடை போட்டேன்."

"அப்ப வந்து ஒருக்கா பாத்துப்போட்டுப் போங்க."

சேலத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். முகப்புத் தாளுக்குக் கீழே முழுவதும் கார்பன் நகல்கள். வெங்காயச் சருகு மாதிரித் தாள். ஒன்றைத் தூக்கினால் மறுபக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். கிலோவுக்கு நானூற்று ஐம்பது. இரண்டு பீரோவிலும் சேர்த்து இருநூறு கிலோ. நான் நாற்பதாயிரம் என்று எழுதிய இடத்தில் தொண்ணூறாயிரம் இருந்தது.

எண்ணிக்கை மட்டும் தவறியிருந்தால்கூடப் பரவாயில்லை. தட்டச்சுத் தாள் என்று இவற்றை மெஷின் கணக்கில் சேர்த்திருந்தேன். மங்கிய நீல எழுத்து, அடுத்த தாளின் எழுத்தும் அதனூடே தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் படமெடுத்துப் பார்த்தோம். ஒரு தாளில் மெஷின் படித்ததைத் திருத்தப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அதே தாளைப் புதிதாகத் தட்டச்சு செய்யப் பதினான்கு. நானே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "கடைக்கு வேற ஆளு வந்தாச்சுங்க சார். திரும்பிப் போறதுக்கும் எடமில்ல" என்றார். அவ்வளவுதான்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் என் தவறை எழுதிப் படித்தேன். தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முட்டையைக்கூட நாங்க எண்ணித்தானுங்க குடுக்கறோம். நீங்க காயிதத்தப் போய் நிறுத்திருக்கீங்களே, சாமி."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் அவர் சொன்னார்: "காசும் கூட்ட முடியாது, நாளும் கூட்ட முடியாது. நிதி குடுத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. வேணும்னா ரெண்டாவது கேமரா ஒண்ணு நான் தாரேன். இந்தக் கையெழுத்தையும் மெஷினே படிக்குதுன்னு சொல்றாங்களே, அதுல தள்ளுங்க. ஆளு மிச்சம்."

ஐம்பது கடிதங்களை அப்படிச் சோதித்தோம். கார்பன் நகலில் மெஷின் தவறினால் கிறுக்கலாகத் தெரியும். கையெழுத்தில் அப்படி இல்லை, சுத்தமாக, வழவழவென்று தவறாக எழுதியது. கெங்கவல்லிக்காரர் ஒருவர் தன் கிணற்றில் எண்பதாவது அடியில் பாறை என்று எழுதியிருந்தார். மெஷின் பதினெட்டு என்றது. வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாகப் பார்த்தால்தான் பிடிபடும், அதற்குத் தட்டச்சே செய்துவிடலாம். ஐம்பதில் முப்பத்தொன்று அப்படி.

"கடிதம் ஆளுக்கிட்டத்தான் போகணுமுங்க" என்றார் அந்த அம்மாள். நானும் அதையே சொன்னேன்.

பிறகு வேலையைப் புதிதாகப் பிரித்தேன். முப்பதாயிரம் கடிதம், முன்போல ஆட்களுக்கு. அச்சும் நல்ல தட்டச்சும் ஐம்பதாயிரம், மெஷினுக்கு. கார்பன் நகல் தொண்ணூறாயிரத்துக்கும் படம் மட்டும், எழுத்து கிடையாது. தேடிக் கண்டுபிடிக்கத் தேதி, ஊர், பயிர், கடித எண் என்று ஒரு வரிக் குறிப்பு. பதில்களில் பாதி ஒரே பத்திகள் திரும்பத் திரும்ப வருபவை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மீதிப் பாதி அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சரிபார்க்கும் மூவரிடம் நாற்பதாயிரம் தாளுக்கான நேரம் மிச்சமிருந்தது. சரிபார்க்கும் நேரத்தில் பாதி போதும் ஒரு குறிப்புக்கு. ஆகவே எண்பதாயிரம். பத்தாயிரம் தாளுக்கு ஆள் இல்லை.

"அது யாருங்க செய்வாங்க?" என்றார் தலைவர்.

"நான் செய்கிறேன்" என்றேன். மாதாமாதம் எண்ணிக்கையில் கையெழுத்தும் நானே போட வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மீதி இருநூற்றிருபது நாள். நாளைக்கு நாற்பத்தாறு தாள், கூலி இல்லாமல்.

நாற்பத்தாறு பெரிய எண்ணிக்கை இல்லை என்று நினைத்தேன். அந்த அறையில் ஒரே ஜன்னல், அதையும் தாள் பறக்காமலிருக்கச் சாத்தியே வைத்திருப்பார்கள். மின்விசிறி கூடாது. வியர்வை சொட்டாமல் கழுத்தில் துண்டு. தேதி மங்கியிருந்தால் விளக்கைச் சாய்த்து, தாளைச் சாய்த்து, தலையைச் சாய்த்து. சாயங்காலம் அந்த அம்மாள் வந்து கேட்பார்.

"எத்தனைங்க சார் ஆச்சு?"

"நாற்பத்து மூணு."

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்குதுங்க." கிண்டலா, கருணையா என்று தெரியாது. மூன்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அறுபது நாள் ஓடியபின் கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், இரண்டு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்றார். பன்னிரண்டு வேலை நாள். மீதி ஏழாயிரத்து இருநூற்று நாற்பது தாளை நூற்று நாற்பத்தெட்டு நாளில் வகுத்தால் நாற்பத்தொன்பது. நாற்பத்தாறுக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது.

"போய்ப் பண்ணிக்கிட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார் அந்த அம்மாள்.

அவரால் முடியாது. அவருடைய ஆட்களின் ஒவ்வொரு நிமிடத்தையும் பங்குபோட்டவன் நான்தான், அதில் ஒரு தாளுக்கும் இடம் விடவில்லை. டாக்டரிடம் வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது இடது கண்ணால் படிக்கிறேன். நாளைக்கு நாற்பத்தாறு.