ஒப்புதலுக்குக் காத்திருந்த பின்னூட்டம்

மும்பைத் தமிழர்களுக்கு எது எங்கே கிடைக்கும் என்று வலைப்பதிவு எழுதிவந்தேன். வாரம் இரண்டு பதிவு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நான்கே மாதத்தில் மூச்சு வாங்கி நிறுத்தினேன். ஒரு வருடம் கழித்துத் திறக்கப்போனால் கடவுச்சொல்லே மறந்திருந்தது.

புதிதாக எழுதுமுன் பழையதைச் சரிபார்க்கலாமென்று, திலக் நகர் வீட்டில் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் பட்டியலிட்டேன். அப்படியே விடலாம், திருத்த வேண்டும், நீக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்தேன். உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரைகளை ஒரு ஈ, காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. அதிகம் பேர் படித்தது, செம்பூரில் ஞாயிறுதோறும் நடக்கும் இலவச மூட்டுவலி முகாம் பற்றிய பதிவைத்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு வந்த ஒரு பின்னூட்டம் பத்து மாதமாக என் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. தாராவியில் பை தைக்கும் கார்கானா, அதாவது சிறு பட்டறை, வைத்திருக்கும் பெண் ஒருவர் தன் கார்கானா விலாசத்தையும் குறிப்பிட்டு எழுதியது.

“அண்ணே, முகாம் இப்ப அங்க இல்ல. எங்கம்மாவ மூணு மாடி ஏத்தி இறக்குனதுதான் மிச்சம். புது அட்ரஸ் கீழ போட்டிருக்கேன். மத்தவங்களாவது அலையாம இருக்கட்டும்.”

சரியான முகவரி என் பக்கத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்த எனக்கு நேரமில்லை. கூனிக்குறுகிப் போனேன்.

அந்த ஞாயிறு புது இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பதிவைத் திருத்தி, சரிபார்த்த தேதியையும் மேலே போட்டேன். பின்னூட்டத்தையும் வெளியிட்டேன். பிறகு ‘மீண்டும் வருகிறேன்’ என்று ஆபீஸ் வேலை, தோள்வலி எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

மனைவி படித்துவிட்டு, “இதெல்லாம் யாருங்க கேட்டா? தப்பா இருந்துச்சு, திருத்திட்டேன்னு சொல்லுங்க. இனிமே எப்ப எழுதுவீங்கன்னு சொல்லுங்க. போதும்” என்றாள்.

நாலு வரியாகக் குறைத்தேன். மாதம் ஒரு பதிவு, முதல் சனிக்கிழமை. இரண்டு பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட பிறகே அந்த அறிவிப்பை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, மன்னிப்புக் கேட்க அந்தக் கார்கானாவுக்குப் போனேன். வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முகாமின் புது முகவரி, அதன் கீழே: ‘ப்ளாக்ல இருக்கிறத நம்பாதீங்க.’

உள்ளே போய் யாரென்று சொன்னதும், “நீங்கதானா அது?” என்று அந்தப் பெண் தையலை நிறுத்தினார். “உங்களப் படிச்சிட்டு எத்தன பேரு அலைஞ்சாவ, தெரியுமா?”

மன்னிப்புக் கேட்டேன். திருத்திவிட்டதையும் சொன்னேன். போனில் பதிவைத் திறந்து, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

“சரியாத்தான் இருக்கு.”

என் பார்வை வாசல் காகிதத்துக்குப் போனதைக் கவனித்துவிட்டார்.

“அது இருக்கட்டும்ணே. நாளைக்கே மறுபடி இடம் மாறுனா நீங்க பாப்பியளா?”

ரயிலில் திரும்பும்போதே அறிவிப்பை மாற்றினேன்: ஒரு மாதம் புதுப் பதிவு, மறுமாதம் பழையவற்றைச் சரிபார்ப்பது. அறிவித்த மூன்றாம் நாளே அறிவிப்பைத் திருத்தியது வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கும்படி அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.