ஒரே தடவையில் புரிந்தது

வானொலிச் செய்தி எழுதும் அவர் தனிக்கட்டை. எழுதியதைத் தொலைபேசியில் அக்காவிடம் வாசித்துப் பார்ப்பார். வேறு பேச்சுத் துணை இல்லை.

அன்று குடிநீர் வாரிய அறிக்கையை அப்படியே வாசித்தார்: "கிருமி கலந்திருக்கக்கூடுமென ஆய்வில் தெரியவந்துள்ள, ஆற்றின் கிழக்குக்கரைக் குடியிருப்புகளுக்கு வழங்கப்படும் நீரைக் காய்ச்சிய பின்னரன்றி அருந்துதல் தவிர்க்கப்பட வேண்டும்."

"நீ முடிக்கறதுக்குள்ள ஒரு டம்ளர் குடிச்சிருப்பேன்டா! யாரு குடிக்கக் கூடாது?"

வானொலி கேட்பவரால் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. உடைத்து எழுதினார்.

"ஆற்றுக்குக் கிழக்கே வசிப்பவர்கள் கவனியுங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். அதில் கிருமி இருக்கலாம்."

"இப்பப் புரிஞ்சிடுச்சு. வச்சிடறேன்."

நன்றாக எழுதிய நாளில் பேச்சு இப்படித்தான் சட்டென்று முடிந்துவிடும். இணைப்பு போன பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார்.