ராமுத்தாயின் சான்றுப் பக்கம்

"இந்த மூணு வருஷத்துல என்னென்ன செஞ்சீங்கக்கா?" என்று சத்யபிரியா கேட்டாள்.

"என்னத்தச் செஞ்சேன்? வந்தேன், நூலச் சோதிச்சேன், பஸ் ஏறிப் போனேன்" என்றாள் ராமுத்தாய்.

"அப்படி எழுதுனா தலைமை ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சு எம்புட்டு நாளாச்சோ அவுகளுக்கு."

"அக்கா, வெளையாடாதீங்க. முன்னாடி நூல் வாங்குறவங்ககிட்டருந்து வருஷத்துக்குப் பதினோரு புகார் வந்துச்சு. போன வருஷம் மூணுதான். யாரால?"

ராமுத்தாய் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். நூல் சோதிக்கும் மெஷின் அச்சடித்த வரைபடம் அது. தாழ்வான மேட்டுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் ஒரு கோடு தனியாக உயர்ந்து நின்றது.

"இந்தா, கோபுரம் மாதிரி நிக்குதுல்ல? எட்டு சென்டிமீட்டர் பக்கம் நின்னா, நூல் நூக்குற ஃப்ரேமுல முன் உருளை கோணலாச் சுத்துதுன்னு அர்த்தம். ஒவ்வொரு சுத்துக்கும் நூலு ஒரு எடத்துல தடிக்கும், ஒரு எடத்துல மெலியும். துணியா நெய்ஞ்ச பெறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்."

"தெரிஞ்சதும் என்ன செய்வீங்க?"

"ஃப்ரேமப் பராமரிக்கிற கண்ணுசாமி அண்ணன்கிட்டச் சொல்லுவேன்."

"மெமோ போட மாட்டீங்களா?"

"மெமோ போட்டா அந்த மனுசன் என்ன ஆவாரு? பராமரிப்பு சரியில்லன்னு மூணு மெமோ சேந்தா வேற மில்லுக்குத் தூக்கிப் போட்ருவாக. இந்தத் தாளுக்குப் பின்னாடி ஃப்ரேம் நம்பர எழுதி மடிச்சுக் கையில குடுத்துருவேன். அவரு சரி பண்ணிருவாரு. முடிஞ்சுபோச்சு."

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில் இருந்த நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் நடந்த பேச்சு இது. சத்யபிரியா பணியாளர் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதிகம் பேசாத பெண். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் எழுதுவாள் என்பதால் பதவி உயர்வுக் கோப்புகளை எழுதும் வேலை அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

ராமுத்தாய் சாணார்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், இருபத்தேழு வயதில் கூடத்தில் உதவியாளாக நுழைந்து, இருபத்திரண்டு வருடத்தில் மூத்த சோதனையாளர் ஆகியிருந்தாள். அதற்கு மேலே உதவி மேலாளர் பதவி. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அதற்குப் போக முடியாது என்பது மில்லின் விதி. வருகிற மாசியில் அவளுக்கு ஐம்பது. இதுவே கடைசித் தடவை.

அந்தப் பதவியில் அவள் விரும்பியது ஒன்றே ஒன்று. தினமும் காலைக் கூட்டத்தில் நூலின் தரத்தைப் பற்றி அவள் நின்றுகொண்டே வாசிப்பாள். வாசித்து முடித்ததும் வெளியே போய்விட வேண்டும். உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதன் பிறகுதான் முடிவெடுப்பார்கள். "ஒரு நாளாச்சும் கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணும்" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள்.

சத்யபிரியா முதலில் எழுதிய கோப்பைப் பணியாளர் மேலாளர் ரொனால்டு ஒரே மூச்சில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நேர்மையானவர், கடுமையான உழைப்பாளி, இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். ஏம்மா, இது பதவி உயர்வுக் கேஸா, வழியனுப்பு விழா வாழ்த்துமடலா?"

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"முடிவெடுக்கிற அஞ்சு பேரும் கோயமுத்தூர்ல இருக்காங்க. ராமுத்தாய் மொகத்தையே பாத்ததில்ல. மூணே கேள்விதான் கேப்பாங்க. இவங்களால என்ன மாறுச்சு? அது எவ்வளவு தூரம் போச்சு, இப்பவே மேல்பதவி வேலையப் பாக்குறாங்களா? அதுக்கு என்ன சான்று? மூணாவதுக்குப் பதில் இல்லன்னா முதல் ரெண்டும் வெறும் பேச்சு. அப்பறம், மொத்தக் கூட்டமும் செஞ்சதத் தூக்கி இவங்க தலையில வைக்காத. இவங்க பங்கு எதுன்னு பிரிச்சுக் காட்டு."

சத்யபிரியா மறுபடி உட்கார்ந்தாள். விளைவு என்ற தலைப்பில் புகார்கள் பதினொன்றிலிருந்து மூன்றாகக் குறைந்ததையும், உருளைக் கோளாறுகளை நூல் வெளியே போவதற்கு முன்பே கண்டுபிடித்ததையும் எழுதினாள். பொறுப்பின் எல்லை என்ற தலைப்பில், நிலக்கோட்டைப் பக்கத்து இரண்டாவது ஆலையின் சோதனையாளர்கள் ஏழு பேருக்கு ராமுத்தாய் வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்தது வந்தது. அதற்கு அந்த ஆலையின் கடிதமும் கிடைத்தது. ஆனால் விளைவுக்குச் சான்று தேடி அவள் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் கண்ணுசாமியின் கையெழுத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'வழக்கமான சோதனையில் கண்டு சரிசெய்யப்பட்டது.'

ராமுத்தாயின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

விஷயம் கண்ணுசாமியின் காதுக்குப் போயிற்று. மறுநாள் கேன்டீனில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து சத்யபிரியாவின் முன்னால் வைத்தார். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த தாள்கள், நாலாக மடித்தவை. அறுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் மெஷின் அடித்த தேதி. பின்பக்கம் ராமுத்தாயின் எழுத்து: 'ஃப்ரேம் 14, வலது, முன் உருளை பாருங்கண்ணே.'

"தூரப் போட மனசு வரல பாப்பா. வெச்சுக்க. அது சான்றுதான?" என்றார்.

அன்று மாலைக்குள் அவள் தேதிகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். தாள் கைமாறிய அன்றோ மறுநாளோ உருளை மாற்றப்பட்டிருந்தது. எல்லாத் தடவையும் அப்படியே. கோப்பை முழுவதும் திருத்தி எழுதினாள். ரொனால்டு படித்துவிட்டு முதன்முறையாக, "இது கேஸு" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இதப் படிக்கிறவன் கண்ணுசாமி பொய்ப் பதிவு எழுதியிருக்கான்னும் படிப்பான்" என்றார்.

"பேர மறைச்சுட்டா, சார்?"

"தேதி இருக்கு, ஃப்ரேம் நம்பர் இருக்கு. பேரு எதுக்கு?"

சத்யபிரியா அதைப் போய் ராமுத்தாயிடம் சொன்னாள். சொல்லாமல் அனுப்பியிருக்கலாம் என்று பல மாதங்கள் கழித்தும் அவளுக்குத் தோன்றியதுண்டு. "இந்தத் தாளு ஒண்ணுகூடப் போக வேணாம்" என்று ராமுத்தாய் டப்பாவை மூடினாள்.

கண்ணுசாமி அங்கேயே நின்றிருந்தார். "ஏ, ராமுத்தாயி, கூறு கெட்டுப் பேசாத. எனக்கு என்ன, இன்னம் ரெண்டு வருஷந்தான் சர்வீஸு."

"அந்த ரெண்டு வருஷத்துலதான உம்ம மக கலியாணம்? எடுத்துட்டுப் போங்கண்ணே, டப்பாவ."

சான்றுப் பக்கத்தில் இரண்டாவது ஆலையின் கடிதமும் புகார் எண்ணிக்கையும் மட்டும் போயின.

தை மாதம் பதில் வந்தது. புகார்கள் குறைந்தது பாராட்டுக்குரியது. ஆனால் பதிவேட்டின்படி கோளாறுகள் பராமரிப்புப் பிரிவின் வழக்கமான சோதனையில் கண்டறியப்பட்டவை. தனிநபர் பங்களிப்பு நிறுவப்படவில்லை. மூன்றே வரி. உதவி மேலாளராக வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். முதல் நாள் காலைக் கூட்டத்தில் அவர் ராமுத்தாய் வாசித்ததைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவள் வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

ராமுத்தாய் இப்போதும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறாள். தாள்கள் இப்போதும் நாலாக மடிந்து கைமாறுகின்றன. சத்யபிரியா மெமோவைப் பற்றி மறுபடி பேசவில்லை.

பதில் வந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், பணியாளர் பிரிவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ராமுத்தாய் வந்தாள். செத்த நேரம் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

"அந்தச் சீட்டையெல்லாம் வச்சு நீ ஒண்ணு எழுதுனியே சத்யா, அனுப்பாதது. இருக்கா?"

"இருக்குக்கா."

"இங்கிலீஸுல இருக்கு, எனக்கு ஓடாது. ஒருக்கா தமிழ்ல வாசிச்சுக் காட்டுறியா? கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டுட்டுப் போறேன். பெறகு கிழிச்சுப் போட்ரு."